சம்பளத்தில் ஒரு பகுதியை முன்னாலேயே எடுக்க 49 ரூபாய் கட்டணம்: வருஷ வட்டியாகப் பார்த்தால் எவ்வளவு?

செல்வி_காரிமங்கலம்

எல்லோருக்கும் வணக்கம். ஓசூர் சிப்காட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறேன், காரிமங்கலத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். சம்பளம் அடுத்த மாசம் 7ஆம் தேதிதான் ஏறும். போன வருஷத்திலிருந்து ஒரு ஆப் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை வேலை செய்த நாளுக்கான சம்பளத்தில் ஒரு பகுதியை அதில் முன்னாலேயே எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு எடுத்தாலும் ஒரு தடவைக்கு 49 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. "வட்டியே கிடையாது, சேவைக் கட்டணம் மட்டும்தான்" என்று திரையிலேயே போட்டிருக்கிறது.

ஜூலை 25 அன்று 3,000 எடுத்தேன். கணக்கில் 2,942 ரூபாய் 18 காசு வந்தது. ஆகஸ்ட் 7 சம்பளத்தில் 3,000 பிடித்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் "ரெண்டு பர்சென்ட் கூட இல்லம்மா, இதுக்கு ஏன் யோசிக்கிற" என்கிறார். அம்மா மகளிர் குழுவில் ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார், அதை விட இது அதிகமா குறைவா என்று எனக்குத் தெரிய வேண்டும். வருஷத்துக்கு என்ன வட்டி என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

பர்கூர்_மணி

இது ரொம்ப சுலபம் தங்கச்சி. 49க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 8.82, மொத்தம் 57.82. அதை 3,000ஆல் வகுத்தால் நூற்றுக்கு 1.93. மாசத்துக்கு ஒரு தடவை எடுக்கிறீர்கள், அதனால் 12ஆல் பெருக்குங்கள், 23 சதவீதம் வரும். நம்ம ஊரில் ரெண்டு ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 24. அதை விட ஒரு சதவீதம் குறைவுதான். நகை வைக்க வேண்டாம், கையெழுத்துப் போட ஆள் தேட வேண்டாம். குழு வட்டியை விட அதிகம்தான், ஆனால் ஊரில் வாங்குவதற்கு இது பரவாயில்லை.

ஓய்வு_கூட்டுறவு

மணி, ஜிஎஸ்டி வரைக்கும் உங்கள் கணக்கு சரி, 12ஆல் பெருக்கிய இடத்தில்தான் தவறிவிட்டது. அந்தப் பொண்ணு பணத்தை ஒரு மாசம் வைத்திருக்கவில்லை. ஜூலை 25லிருந்து ஆகஸ்ட் 7 வரை 13 நாள்தான். ரெண்டு ரூபாய் வட்டிக்காரர் முப்பது நாளுக்குத்தான் நூற்றுக்கு ரெண்டு வாங்குகிறார். இவர்கள் கிட்டத்தட்ட அதே ரெண்டை 13 நாளுக்கே வாங்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று. கட்டணத்தை முன்னாலேயே கழித்துக்கொண்டுதான் பணம் வந்திருக்கிறது. அப்படியானால் செல்வியின் கைக்கு வந்த கடன் 3,000 இல்லை, 2,942.18தான். வகுக்க வேண்டியது அதனால்தான். கிருஷ்ணகிரி பக்கம் நூறு நாள் தண்டல் விடுகிறவர் பத்தாயிரம் என்று சொல்லி முன்னாலேயே கழித்துக்கொண்டு கொடுப்பாரே, அங்கேயும் கைக்கு வந்ததை வைத்துத்தான் வட்டி பார்ப்போம்.

57.82ஐ 2,942.18ஆல் வகுத்தால் 1.965 சதவீதம். இது 13 நாளுக்கான விலை. வருஷத்தில் இப்படி எத்தனை 13 நாள் இருக்கிறது? 365ஐ 13ஆல் வகுத்தால் 28க்குக் கொஞ்சம் மேல். பெருக்கினால் 55 சதவீதம் வருகிறது. ஊர்க் கணக்கில் நூற்றுக்கு மாசம் நாலு ரூபாய் அறுபது காசு. உங்கள் அம்மா ஒரு ரூபாய் கட்டுகிறார், நீங்கள் நாலரைக்கு மேல் கட்டுகிறீர்கள்.

கணினியில் போட்டுப் பார்க்க வேண்டுமானால், A2வில் ஜிஎஸ்டியோடு கட்டணம், B2வில் எடுத்த தொகை, C2வில் சம்பளம் ஏறும் வரை உள்ள நாள்:

```
=A2/(B2-A2)*365/C2
```

கட்டணத்தை முன்னால் கழிக்காமல் சம்பளத்தில் சேர்த்துப் பிடிக்கும் ஆப்களும் உண்டு. அவற்றுக்கு B2-A2 இருக்கும் இடத்தில் B2 மட்டும் போதும். செல்வியின் கணக்கு அப்போது 54 ஆகும், பெரிய வித்தியாசம் இல்லை. நாட்களை எண்ணுவதுதான் முக்கியம்.

சூளகிரி_சரவணன்

பிஎஃப் பணத்தை முன்னால் எடுத்தால் வட்டியே கிடையாதே, ஏன் 55 சதவீதம் என்கிறீர்கள்? நான் வீடு ரிப்பேருக்கு எடுத்தேன், ஒரு பைசா கட்டணம் இல்லை, திருப்பியும் கட்ட வேண்டாம்.

செல்வி_காரிமங்கலம்

அண்ணா, நான் கேட்பது பிஎஃப் இல்லை. இந்த மாசம் வேலை செய்த சம்பளத்தை அடுத்த 7ஆம் தேதிக்கு முன்னால் எடுப்பது. பிஎஃப்பில் கை வைத்தால் நாளைக்கு எனக்குத்தான் குறையும்.

பர்கூர்_மணி

ஐயா, 13 நாளுக்குப் பணம் வாங்குகிறவரிடம் 365 நாள் கணக்கைக் காட்டுவது எப்படிச் சரியாகும்? அவர் கையை விட்டுப் போவது 57 ரூபாய் 82 காசு, அவ்வளவுதான். ஆட்டோவுக்கு மினிமம் சார்ஜ் மாதிரி இது. பக்கத்துத் தெருவில் இறங்கினாலும் அதே காசைத்தான் கொடுக்கிறோம், அதைக் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று யாரும் சண்டை போடுவதில்லை.

ஓய்வு_கூட்டுறவு

வருஷத்துக்கு மாற்றுவது பயமுறுத்த இல்லை மணி. குழுவில் வாங்குவது, சங்கத்தில் நகை வைப்பது, இந்த ஆப், எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில் நிறுத்தினால்தான் எது மலிவு என்று தெரியும். அந்தப் பொண்ணு கேட்டதும் அதைத்தான். உங்கள் மினிமம் சார்ஜ் பேச்சிலேயே விஷயமும் இருக்கிறது. கட்டணம் மாறாது, தொகையும் நாளும் மாறும். அதனால் ஒரே ஆப்பில், ஒரே 49 ரூபாயில், ஒருவர் கட்டுவது 33 சதவீதமாகவும் இன்னொருவர் கட்டுவது 170ஆகவும் இருக்கும். அதே 13 நாளுக்கு 5,000 எடுத்தவருக்கு 33. 1,000 எடுத்தவருக்கு 172. சம்பளம் குறைவாக உள்ளவர்தான் ஆயிரம் ஐந்நூறு என்று எடுப்பார். விகிதத்தில் அதிகம் கட்டுவதும் அவர்தான். எனக்கு இதில் மனசு பொறுக்காத இடம் இதுதான்.

தருமபுரி_எண்கணிதம்

சார், 55 என்பது சாதாரண வட்டி. செயல்திறன் வட்டி என்று கேட்டால் கூட்டிப் போட வேண்டும் இல்லையா? 1.01965ஐ 28.08 தடவை பெருக்கினால் 1.727. அதாவது 72.7 சதவீதம். இதுதான் உண்மையான வருஷ வட்டி. கல்லூரியில் எங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஓய்வு_கூட்டுறவு

தம்பி, பாடம் சரி. ஆனால் அந்தக் கணக்கு, கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து அதற்கும் வட்டி ஏறுகிறது என்று எடுத்துக்கொள்கிறது. இங்கே ஒவ்வொரு 7ஆம் தேதியும் கணக்கு தீர்ந்து பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. 57.82 மேல் இன்னொரு 57.82 ஏறவில்லை.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். 500 ரூபாயை 3 நாளுக்கு எடுக்கிறார் ஒருவர். என் முறையில் 1,590 சதவீதம் வரும். அதுவே கொடுமைதான், இருந்தாலும் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது: அதே 442 ரூபாயை வருஷம் முழுக்க இப்படியே சுழற்றினால் அசலைப் போல் கிட்டத்தட்ட 16 மடங்கு கட்டணமாகப் போகும். உங்கள் முறையில் லட்சக்கணக்கான மடங்கு வரும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

தருமபுரி_எண்கணிதம்

போட்டுப் பார்த்தேன், 31 லட்சம் மடங்கு வருகிறது. சின்னத் தொகை, குறைந்த நாள் என்றால் அந்த முறை பிடிபடாமல் போகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. இந்த மாசக் கட்டணம் போனதால் சம்பளத்தில் 58 ரூபாய் குறைகிறது, அதனால் அடுத்த மாசம் 58 சேர்த்து எடுக்கிறார் என்றால் கட்டணத்துக்காகவும் கடன் வாங்குகிறார்தானே? மாசாமாசம் எடுக்கிறவர்களுக்கு 55க்கும் 72க்கும் நடுவில் எங்கேயோதான் வரும் என்று நினைக்கிறேன்.

ஓசூர்_பேரோல்

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் இருக்கிறேன். செல்வி, முதலில் ஒரு விஷயத்தைப் பாருங்கள். அந்த 2,942 ரூபாயை உங்களுக்குப் போட்டது யார்? வங்கி ஸ்டேட்மென்டில் அனுப்பியவர் பெயர் இருக்கும். கம்பெனி தன் காசிலேயே முன்பணம் கொடுத்து, ஆப் வெறும் மென்பொருள் என்றால் அது ஒரு வகை. ஆப்புக்குப் பின்னால் ஒரு நிதி நிறுவனம் பணம் போட்டு, சம்பள நாளில் எங்களிடமிருந்து பிடித்துக்கொள்கிறது என்றால் அது கடன்தான், திரையில் என்ன பெயர் வைத்திருந்தாலும்.

நிதி நிறுவனம் கொடுத்த கடன் என்றால் உங்களுக்கு ஒரு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் இதற்குச் சுற்றறிக்கை போட்டது, 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கிற புதிய சில்லறைக் கடன்களுக்குப் பொருந்தும். அதில் எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று ஒரே எண்ணாகப் போட வேண்டும், APR என்று இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு, அதனால் தமிழில் கேளுங்கள். ஆப்பில் "ஆவணங்கள்" மாதிரி ஏதோ ஒரு மூலையில் பிடிஎஃப்பாகக் கிடக்கும், பலர் திறப்பதே இல்லை. அதைத் திறந்து அந்த எண்ணைப் பாருங்கள். ஐயா போட்ட 55க்குப் பக்கத்தில் இருந்தால் அவர்கள் மறைக்கவில்லை. சேவைக் கட்டணம் வேறு, வட்டி பூஜ்யம், அதனால் ஏபிஆரும் பூஜ்யம் என்று போட்டிருந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

கம்பெனியே கொடுக்கிற முன்பணம் என்றால் இந்த அறிக்கை வராது. அப்போது மனிதவளத்தில் போய், கட்டணத்தைக் கம்பெனி ஏற்கக் கூடாதா என்று கேளுங்கள். சில இடங்களில் நிர்வாகமே கட்டிவிடுகிறது, தொழிலாளிக்கு ஒன்றும் பிடிப்பதில்லை.

பி_ஷிப்ட்_தளி

என் கதையைச் சொல்கிறேன். பைக் தவணை 5ஆம் தேதி, 2,800 ரூபாய். சம்பளம் 7ஆம் தேதி. ரெண்டே நாள் இடைவெளி. ஒரு தடவை கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிப் போய்விட்டது, 590 ரூபாய் அபராதம் பிடித்தார்கள். அதிலிருந்து மாசாமாசம் 4ஆம் தேதி இதே மாதிரி ஆப்பில் 3,000 எடுத்துக் கட்டுகிறேன். கட்டணம் செல்விக்கு உள்ளதுதான். 590க்கு 58 எவ்வளவோ மேல். உங்கள் சூத்திரத்தில் போட்டால் எனக்கு 239 சதவீதம் என்று காட்டுகிறது. அதற்காக நான் நிறுத்த வேண்டுமா?

ஓய்வு_கூட்டுறவு

அந்த ஒரு தடவைக்கு நீங்கள் செய்தது சரி தம்பி. 590 போவதற்குப் பதில் 58 போனால் அது லாபம், சதவீதம் எதைச் சொன்னாலும். வருஷ விகிதம் ரெண்டு கடனை ஒப்பிட உதவும். அபராதத்தோடு ஒப்பிட ரூபாய்க்கு ரூபாய் பார்த்தாலே போதும்.

ஆனால் மாசாமாசம் செய்கிறீர்கள். வருஷத்துக்கு 12 தடவை, 694 ரூபாய். மாசத்தில் 3 நாள், ஆக வருஷத்தில் 36 நாள் மட்டும் கையில் பணம் இருக்க 694. பைக் கடன் கொடுத்த கிளைக்குப் போய்த் தவணைத் தேதியை 10க்கு மாற்றிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். சிலர் ஒரு தடவைக் கட்டணம் கேட்பார்கள், புது மேன்டேட் பதிவாகும் வரை ஒரு மாசம் பழைய தேதியிலேயே போகும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாறிவிட்டால் 239 சதவீதப் பிரச்சினையே இல்லை.

பி_ஷிப்ட்_தளி

தேதியை மாற்றலாம் என்று ஷோரூமில் யாரும் சொல்லவில்லை. ராயக்கோட்டை ரோடு கிளையில் கேட்கிறேன்.

செல்வி_காரிமங்கலம்

ஐயா, இன்னொரு விஷயம். ஜூனில் நான் 3,000 மொத்தமாக எடுக்கவில்லை, ஆயிரம் ஆயிரமாக மூன்று தடவை எடுத்தேன், செலவு வரும்போது எடுத்தால் வட்டி குறையும் என்று நினைத்துத்தான். அது நல்லதா? அப்புறம், இதை எப்படி நிறுத்துவது என்றும் தெரியவில்லை. ஒவ்வொரு மாசமும் 3,000 பிடித்ததும் அந்த மாசம் 3,000 குறைகிறது, 20ஆம் தேதிக்கு மேல் திரும்ப எடுக்க வேண்டியதாகிறது.

ஓய்வு_கூட்டுறவு

தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது வட்டிக் கடனுக்கு நல்ல வழி. ஒரு தடவைக்கு இவ்வளவு என்று வாங்குகிற இடத்தில் அது தலைகீழ். மூன்று தடவைக்கு 173 ரூபாய் 46 காசு போயிருக்கும். உதாரணத்துக்கு ஜூலை 18, 25, ஆகஸ்ட் 1 என்று மூன்று ஆயிரம் எடுத்தால் 172 சதவீதம். 18ஆம் தேதியே 3,000 சேர்த்து எடுத்திருந்தால் 20 நாளுக்கு 57.82தான், 36 சதவீதம். எடுத்தே ஆக வேண்டிய மாசமானால் ஒரே தடவையில் எடுங்கள்.

ரெண்டாவது கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நீங்கள் மாசாமாசம் எடுப்பது ஒரே 3,000 ரூபாய்ப் பள்ளம். முதல் மாசம் விழுந்தது, அதையே ஒவ்வொரு மாசமும் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். இதைக் குறைக்க நினைத்து அடுத்த மாசம் 2,750, அதற்கடுத்து 2,500 என்று எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல புத்திதான், ஆனால் கட்டணம் குறையாது. 250 மட்டும் எடுக்கிற கடைசி மாசத்திலும் அதே 57.82. கைக்கு 192 ரூபாய்தான் வரும், அந்த மாச விகிதம் 845 சதவீதம். நீங்கள் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் இந்த ஆப் அதற்கு ஒரு ரூபாய் கூடக் குறைத்துக்கொள்ளாது. பன்னிரண்டு மாசத்துக்கு 694 போகும்.

இப்போது அம்மாவின் குழுவில் ஒரு ரூபாய் வட்டிக்கு ஒரே தடவை 3,000 வாங்கி, மாசம் 250 அசல் கட்டுங்கள். முதல் மாசம் வட்டி 30 ரூபாய், அடுத்தது 27.50, அப்படியே குறைந்து கடைசி மாசம் 2.50. மொத்த வட்டி 195. வருஷ முடிவில் பள்ளமும் மூடியிருக்கும், 499 ரூபாய் மிச்சம். ஒரே ஒரு நிபந்தனை. குழுப் பணம் வந்த மாசத்திலிருந்து ஆப்பைத் தொடக் கூடாது, மாசம் 250ம் வட்டியும் சம்பளம் ஏறிய அன்றே எடுத்து வைக்க வேண்டும். ரெண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டால் இன்னும் மோசமாகும், சங்கத்தில் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

பர்கூர்_மணி

அந்த 250 கணக்கு நியாயமாக இருக்கிறது ஐயா. கட்டணம் குறையாது என்பதை நான் யோசிக்கவில்லை. இருந்தாலும் குழுவில் இல்லாதவர், நகை இல்லாதவர், வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி இருக்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு மீட்டர் வட்டிக்கு இது மேல் என்று இன்னும் சொல்வேன்.

தேன்கனிக்கோட்டை_முனி

நீங்கள் எல்லோரும் கடன் கடன் என்றே பேசுகிறீர்கள். அவள் ஜூலை மாசம் முழுக்க உழைத்த கூலியை ஆகஸ்ட் 7 வரை வைத்திருப்பது கம்பெனி. ஆகஸ்ட் 4ஆம் தேதி எடுக்கிறார் தளிக்காரர், அன்றைக்கு அது முழுசாக அவர் சம்பாதித்த காசு. தன் கூலியை வாங்கத் தானே கட்டணம் கட்டுவதா? வட்டி என்று பார்த்தால் கம்பெனிதான் நமக்குத் தர வேண்டும். மாசம் ரெண்டு தடவை சம்பளம் போட்டால் இந்த ஆப்புக்கு வேலையே இல்லை.

ஓசூர்_பேரோல்

முனி அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. இது கடனா, சம்பாதித்த கூலியா என்ற சண்டை இங்கே மட்டும் இல்லை. அமெரிக்காவில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 ஜூலையில் ஒரு ஆய்வு வெளியிட்டது, கம்பெனிகள் வழியாக இப்படி எடுக்கிற தொழிலாளிகளுக்குச் சராசரி வருஷ விகிதம் 109.5 சதவீதம், ஒருவர் வருஷத்துக்குச் சராசரியாக 27 தடவை எடுக்கிறார் என்று. அங்கே வாரக் கூலி, ரெண்டு வாரக் கூலிக்காரர்கள் அதிகம். அதனால் மாசம் ரெண்டு தடவை சம்பளம் போட்டாலே இது ஒழிந்துவிடும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாள் குறைந்தால் கட்டணம் அதே அளவில் இருக்கும்போது விகிதம் இன்னும் ஏறத்தான் செய்யும்.

தேன்கனிக்கோட்டை_முனி

விகிதம் ஏறட்டும், எடுக்க வேண்டிய தேவை குறையுமே. 15 நாளுக்கு ஒரு தடவை கையில் காசு வந்தால் 25ஆம் தேதி யாரிடமும் போக வேண்டாம். இதை யூனியனில் கேட்கத்தான் போகிறோம்.

செல்வி_காரிமங்கலம்

எல்லோருக்கும் நன்றி. ஸ்டேட்மென்ட் பார்த்தேன், அனுப்பியவர் பெயர் கம்பெனி இல்லை, ஒரு நிதி நிறுவனம். அந்த பிடிஎஃப்பும் கிடைத்தது, ஆங்கிலத்தில் இருக்கிறது, வட்டி 0 என்றும் அதற்குக் கீழே ஏபிஆர் 54.9 என்றும் போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டத்தில் அம்மாவை விட்டு 3,000 கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பேரோல் அக்காவிடம். அடுத்த மாசம் என் கூடப் பிறந்த அக்காவின் பிரசவத்துக்கு நான் லீவு போட வேண்டியிருக்கும், சம்பளம் குறையும். எடுத்த பணம் முழுசாகப் பிடிக்க முடியாமல் போனால் என்ன ஆகும்?

ஓசூர்_பேரோல்

அந்த பிடிஎஃப்பிலேயே தாமதக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும், அதைப் படித்துவிட்டு எடுங்கள். எங்கள் இடத்தில் சம்பளம் போதாவிட்டால் மிச்சத்தை அடுத்த மாசத்துக்குத் தள்ளுகிறோம், கூடுதல் கட்டணம் இல்லை. ஆனால் சில நிறுவனங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாததை நேராகத் தொழிலாளியின் கணக்கிலிருந்து எடுக்க மேன்டேட் வாங்கி வைத்திருக்கின்றன. அன்றைக்குக் கணக்கில் பணம் இல்லாவிட்டால் வங்கி அபராதம் தனி, அவர்கள் தாமதக் கட்டணம் தனி. யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதியையும், வங்கி ஆப்பில் மேன்டேட் பகுதியையும் திறந்து உங்கள் பெயரில் அப்படி ஏதாவது பதிவாகி இருக்கிறதா என்று லீவு போடுவதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள். இருந்தால் எந்தத் தொகை வரை, எந்தத் தேதி வரை என்று இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.